நாற்பது நிமிடத்தில் இரு கோட்பாடுகள்

நெறிபிறழ்வு பற்றிய மெர்ட்டன், பெக்கர் கோட்பாடுகளை ஒப்பிடும் வினாவில் பலர் முதல் இருபது நிமிடம் ஒருவரையும் அடுத்த இருபது நிமிடம் மற்றவரையும் எழுதுகிறார்கள். அதில் இரு சுருக்கங்கள் கிடைக்கும், ஒப்பீடு கிடைக்காது. முதல் ஐந்து நிமிடத்தைத் திட்டமிட ஒதுக்கி, இருவரும் பதில் சொல்லக்கூடிய இரண்டு கேள்விகளைக் குறித்துக்கொள்வது நல்லது. பிறழ்வு எங்கிருந்து வருகிறது? எதை விளக்க முடியவில்லை? ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம்.

இரண்டுக்கும் ஒரே எடுத்துக்காட்டு போதும்: கஞ்சா. மெர்ட்டனின் 1938 கட்டுரைப்படி, போதைக்கு அடிமையானவர் சமூகம் வைத்த இலக்கையும் அதை அடையும் வழியையும் கைவிட்டு ஒதுங்கியவர். பெக்கரின் 1963 நூலோ பார்வையையே திருப்புகிறது: அமெரிக்காவில் 1937இல் கஞ்சா வரிச்சட்டம் வர உழைத்தவர்கள் யார், முத்திரை யார்மீது விழுந்தது? முதலாமவர் சட்டத்தைக் கேள்வியின்றி ஏற்கிறார். இரண்டாமவரிடம், முத்திரைக்கு முன்பே ஒருவர் ஏன் புகைத்தார் என்பதற்கான பதில் மெலிவு. இந்த முரண் ஒரே பத்தியில், ‘மாறாக’ என்ற சொல்லோடு வர வேண்டும்.

கடைசி ஐந்து நிமிடம் தீர்ப்புக்கு: எந்தக் கேள்விக்கு எந்தக் கோட்பாடு பொருந்தும் என்று காரணத்தோடு சொல்வதற்கு.