வியாழக்கிழமை வராத நானூறு கிலோ

காலை ஆறேகாலுக்கு வார்டு அலுவலகத்தின் முன் தூய்மைப் பணியாளர்கள் வரிசையாக நின்று வருகையைப் பதிவு செய்கிறார்கள். பிறகு ஆளுக்கொரு பேட்டரி வண்டியை எடுத்துக்கொண்டு தங்கள் பாதைக்குப் போகிறார்கள். பதினொரு மணி வாக்கில் வண்டிகள் திரும்பி வந்து பெரிய காம்பாக்டர் லாரியில் குப்பையைக் கொட்டுகின்றன. லாரி எடை மேடை ஏறி இறங்குகிறது. மாலையில் மேற்பார்வையாளர் இவை எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதி அனுப்புகிறார்: எத்தனை பாதை முடிந்தது, எத்தனை தெரு விடுபட்டது, எத்தனை டன் குப்பை போனது.

இதுதான் வார்டு குப்பை சேகரிப்பு அறிக்கை. பெரும்பாலானோர் இதைப் பார்த்ததே இல்லை. பார்ப்பவர்களும் டன் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மூன்று எண்களையும் சேர்த்து, ஒரு நாளை அடுத்த நாளோடு ஒட்டவைத்துப் படித்தால்தான் இந்த அறிக்கை பேசத் தொடங்கும்.

எப்படி என்று பார்க்க ஒரு மாதிரி வார்டை எடுத்துக்கொள்வோம். நடுத்தர நகராட்சி. வார்டில் பத்தாயிரம் பேர், 42 தெருக்கள், எட்டுப் பாதைகள். ஒரு பாதைக்கு ஐந்தாறு தெருக்கள். இதுபோன்ற ஊர்களில் ஒருவர் நாளொன்றுக்கு 300 முதல் 400 கிராம் வரை குப்பை போடுகிறார் என்பது திட்டமிடுவோர் வழக்கமாக வைத்துக்கொள்ளும் கணக்கு. அப்படியானால் இந்த வார்டில் தினமும் மூன்று முதல் நான்கு டன் குப்பை சேர வேண்டும். மூன்றரை டன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வார அறிக்கை இப்படி வருகிறது:

| நாள் | முடிந்த பாதை | விடுபட்ட தெரு | டன் |
|---|---|---|---|
| ஞாயிறு | 4 | 21 | 1.9 |
| திங்கள் | 8 | 0 | 5.1 |
| செவ்வாய் | 8 | 0 | 3.5 |
| புதன் | 7 | 5 | 3.1 |
| வியாழன் | 8 | 0 | 3.5 |
| வெள்ளி | 8 | 0 | 3.4 |
| சனி | 7 | 5 | 3.1 |

ஞாயிறன்று பாதி ஆட்களுக்கு விடுப்பு. அதை விட்டுவிட்டு மற்ற ஆறு நாட்களைக் கூட்டினால், 48 பாதையில் 46 முடிந்திருக்கிறது. 96 சதவீதம். ஆய்வுக் கூட்டத்தில் இந்த எண்ணை வாசித்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக் குப்பையும் புதன் குப்பையும்

குப்பை வண்டி வராவிட்டாலும் வீட்டில் குப்பை சேருவது நிற்பதில்லை. ஆகவே ஒரு நாள் எடுக்காமல் விட்ட குப்பை அடுத்த நாள் எடையில் வந்து சேர வேண்டும். கடன் வைத்தால் மறுநாள் அடைத்தாக வேண்டும் என்பது போன்ற கணக்கு இது.

ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். மூன்றரை டன் வர வேண்டிய இடத்தில் 1.9 டன்தான் வந்தது. பாக்கி 1.6 டன். திங்களன்று வழக்கமான 3.5 டன்னோடு இந்த 1.6 டன்னும் சேர்ந்து 5.1 டன்னாக வந்துவிட்டது. கடன் அடைந்தது. ஞாயிறன்று வண்டி வராது என்பது அந்தத் தெருக்காரர்களுக்கு முன்பே தெரியும். மூடி போட்ட வாளியில் ஒரு நாள் வைத்திருந்து திங்களன்று கொடுத்துவிட்டார்கள்.

இப்போது புதன்கிழமை. ஐந்து தெரு விடுபட்டது, எடை 3.1 டன். பாக்கி 400 கிலோ. வியாழனன்று எட்டுப் பாதையும் முடிந்திருப்பதால் 3.9 டன் வந்திருக்க வேண்டும். வந்தது 3.5. வெள்ளியன்றும் அந்தப் பாக்கி வரவில்லை. சனிக்கிழமை மறுபடியும் ஐந்து தெரு, மறுபடியும் 400 கிலோ.

அந்த நானூறு கிலோ எங்கே போனது? அறிக்கையில் அதற்கு இடமில்லை. தெருவில் நடந்து பார்த்தால்தான் தெரியும். இதே போன்ற ஒரு புதன்கிழமை, எங்கள் ஊரில் வண்டி வராத ஒரு தெருவில் நின்றுகொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு ஓர் அம்மா இரண்டு வாளிகளோடு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். பச்சை வாளியில் காய்கறித் தோலும் முந்தின நாள் சோறும். நீல வாளியில் பால் கவர்கள்.

“விசில் சத்தமே கேக்கலையே தம்பி, வண்டி போயிடுச்சா?”

“இன்னும் வரலம்மா.”

“பத்தரைக்கு நான் வேலைக்குப் போகணும். உள்ள வெச்சிட்டுப் போனா நாத்தம் தாங்காது.”

கால் மணி நேரம் காத்திருந்தார். பிறகு இரண்டு வாளிகளையும் ஒரே பையில் கவிழ்த்து முடிச்சுப் போட்டு, தெருக்கோடியில் இருக்கும் கால்வாய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு வந்தார். தரம் பிரித்து வைத்ததும் அதோடு போயிற்று. அங்கே ஏற்கெனவே பல பைகள் கிடந்தன. சில கரிந்திருந்தன.

வண்டி வராது என்று முன்பே தெரிந்தால் மக்கள் குப்பையை வைத்திருக்கிறார்கள். வரும் என்று நம்பி ஏமாந்தால் வெளியே எறிந்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக் குப்பை திங்களன்று திரும்பி வருவதற்கும் புதன் குப்பை காணாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தெரு விடுபட்ட நாளுக்கு மறுநாள் எடை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதே இந்த அறிக்கையைப் படிக்கும் முதல் பாடம்.

எந்தத் தெரு, எந்தக் கிழமை?

இரண்டாவது பாடம், விடுபட்ட தெருக்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் பெயர்ப் பட்டியலைக் கேட்பது. வாரத்தில் பத்து முறை தெரு விடுபட்டது என்றால் அது பத்து வெவ்வேறு தெருக்களாக இருக்கலாம். அப்படி இருந்தால் யாருக்கும் பெரிய பாதிப்பு இல்லை. நம் மாதிரி வார்டில் இரண்டு நாளும் அதே ஐந்து தெரு, அதே எட்டாவது பாதை. வார்டுக்கு 96 சதவீதம் வேலை நடந்த அதே வாரத்தில், அந்த ஐந்து தெருவுக்கு ஆறு நாளில் நான்கு நாள்தான் வண்டி வந்திருக்கிறது. அவர்கள் கணக்கில் அது 67 சதவீதம்.

பெயரோடு கிழமையையும் பார்க்க வேண்டும். காரணம் எழுதும் இடத்தில் ‘வண்டி பழுது’ என்று இருக்கும். ஆனால் வண்டி கிழமை பார்த்துப் பழுதாகாது. நான்கு வாரமும் புதனும் சனியுமே திரும்பத் திரும்ப வந்தால் காரணம் வேறு. நம் மாதிரி ஊரில் அந்த இரண்டு நாளும் சந்தை கூடுகிறது. கழிவுக் காய்கறியை அள்ள எட்டாவது பாதையின் ஆளையும் வண்டியையும் சந்தைக்கு அனுப்பிவிடுகிறார்கள். சந்தைக் குப்பை தனிக் கணக்கில் ஏறுகிறது. வார்டு கணக்கில் ஐந்து தெரு விழுகிறது. பணியாளர் முழு நாளும் வேலை செய்திருக்கிறார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஆளை இரண்டு இடத்துக்குக் கணக்கு வைத்ததுதான் கோளாறு.

விடுபடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் உண்டு. பாதையின் கடைசித் தெரு மட்டும் அடிக்கடி விடுபட்டால், வண்டியின் பேட்டரி இறங்கிவிடுகிறது அல்லது அந்தப் பாதைக்கு வீடுகள் அதிகம் என்று பொருள். நடுவில் ஒரே ஒரு தெரு மட்டும் வாரக்கணக்கில் தொடர்ந்து விடுபட்டால், பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருப்பார்கள் அல்லது வண்டி திரும்ப முடியாத சந்தாக இருக்கும்.

‘பாதை முடிந்தது’ என்ற சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வண்டியில் ஜிபிஎஸ் இருந்தால் வண்டி அந்த வழியாகப் போனதை அது காட்டும். வீட்டிலிருந்து குப்பை வாங்கியதை அது காட்டாது. சில ஊர்களில் வீட்டுக்கு வீடு க்யூஆர் அட்டை ஒட்டியிருப்பது இந்த இடைவெளியை அடைக்கத்தான்.

எடைச் சீட்டு சொல்வது

டன் கணக்கு எடை மேடையில் பிறக்கிறது. குப்பையோடு லாரியை நிறுத்தினால் மொத்த எடை. கொட்டிவிட்டு வந்து நிறுத்தினால் வெறும் வண்டியின் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே குப்பை. பல இடங்களில் வெறும் வண்டியை ஒவ்வொரு நடைக்கும் எடை போடாமல், என்றோ பதிந்த எண்ணையே கழித்துவிடுகிறார்கள். உள்ளே ஒட்டிக்கொண்ட குப்பையும் தேங்கிய கழிவுநீரும் அப்போது திரும்பத் திரும்பக் கணக்கில் ஏறும்.

மழை நாளில் எடை கூடும், ஏனெனில் திறந்த வண்டியில் இருக்கும் குப்பை நீரைக் குடித்துவிடுகிறது. ஆயுத பூஜைக்கு மறுநாள் வாழைக்கன்றும் உடைத்த பூசணியும் சேர்ந்து ஏறும். டன்னுக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் கட்டட இடிபாடும் மண்ணும் குப்பையோடு கலக்கும் ஆபத்து உண்டு. தெரு விடுபட்டும் எடை குறையாத நாட்கள் அடிக்கடி வந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு வரம்பும் உண்டு. ஒரு லாரி பெரும்பாலும் இரண்டு மூன்று வார்டுகளின் குப்பையை ஏற்றுகிறது. மேடையில் கிடைப்பது லாரியின் எடை. அதை வார்டுகளுக்குப் பங்கு பிரித்து எழுதுகிறார்கள். உண்மையான எடை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். மாதம் முழுவதும் 3.5, 3.5, 3.5 என்று ஒரே எண் வந்தால், அல்லது பக்கத்து வார்டுக்கும் அதே எண் இருந்தால், அது பங்கு பிரித்த எண். அதை வைத்து விடுபட்ட தெருவின் கடனைக் கண்டுபிடிக்க முடியாது.

எடை குறைவதெல்லாம் கெட்ட செய்தியும் அல்ல. மக்கும் குப்பையை வார்டிலேயே நுண் உரமாக்கல் மையத்துக்கு அனுப்பினால் லாரியில் ஏறுவது குறையத்தான் வேண்டும். சென்னையில் பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் போகும் குப்பையைக் குறைக்க வேண்டும் என்று பேசுவதும் இதைத்தான். ஆனால் லாரியில் குறைந்தது உர மையத்தின் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். இரண்டிலும் இல்லாத குப்பை கால்வாயில் இருக்கிறது.

என்ன கேட்பது?

உங்கள் வார்டின் நிலவரம் தெரிய வேண்டுமானால் பகுதி சபைக் கூட்டத்தில் கேட்கலாம். கிடைக்காவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடலாம். ‘குப்பை ஏன் எடுக்கவில்லை’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். கடந்த முப்பது நாட்களுக்கான மூன்று ஆவணங்களைக் கேளுங்கள்: விடுபட்ட தெருக்களின் பெயர்ப் பட்டியல் தேதியோடு, அந்த நாட்களின் எடைச் சீட்டுகள், எந்தத் தெரு எந்தப் பாதையில் என்ற பட்டியல்.

நம் மாதிரி வார்டுக்குத் தீர்வு பெரிய செலவு பிடிப்பதல்ல. சந்தை நாட்களில் மதியம் ஒரு வண்டியை எட்டாவது பாதைக்கு அனுப்பலாம். ஆள் இல்லையென்றால், புதனும் சனியும் வண்டி வராது, வியாழனும் ஞாயிறும் கட்டாயம் வரும் என்று அந்த ஐந்து தெருவுக்கும் முன்பே சொல்லிவிட்டு, சொன்னபடி அனுப்பலாம். ஞாயிறன்று ஓடும் நான்கு பாதைகளில் எட்டாவதும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலை நடந்ததா என்பதை 96 என்ற எண்ணில் தேட வேண்டாம். மதிய வண்டி போனால் புதன்கிழமை எடை 3.5 ஆகியிருக்கும். முன்பே சொல்லிவிட்டு நிறுத்தினால் வியாழக்கிழமை எடை 3.9 ஆகியிருக்கும். இரண்டும் இல்லையென்றால் அந்தக் கால்வாய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள்.