பணம் போச்சு, வந்து சேரல!

தேனிப் பக்கத்திலிருந்து கோவைக்குப் படிக்க வந்த பெண். முதல் மாத ஹாஸ்டல் வாடகை, சாப்பாட்டோடு சேர்த்து 6,500 ரூபாய். அப்பா காலையில்தான் அவள் கணக்கில் போட்டுவிட்டிருந்தார். இவ்வளவு பெரிய தொகையை அவள் போனில் அனுப்பியதே இல்லை.

ஹாஸ்டல்கார அக்கா கொடுத்த நம்பரைப் போட்டதும் ஓர் ஆண் பெயர் வந்தது. கை நின்றுவிட்டது. கீழே இறங்கிப் போய்க் கேட்டாள். "அது எங்க வீட்டுக்காரர் பேரும்மா" என்றார் அக்கா. பிறகும் மனம் ஒப்பாமல் முதலில் ஒரு ரூபாய் அனுப்பினாள். "வந்துருச்சு" என்றார். அந்த ஒரு ரூபாயில், நம்பர் சரிதான் என்பது உறுதியானது.

மீதி 6,499 ரூபாய். பின் நம்பரை அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றியது, நிற்கவில்லை. கணக்கில் பணம் கழிந்ததாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. செயலியிலோ 'பெண்டிங்'.

"அக்கா, வந்துச்சா?"

"இல்லையேம்மா. இன்னொரு தடவை போட்டுப் பாரேன்."

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். யுபிஐயில் பணம் இரண்டு படியாக நகர்கிறது. முதலில் அனுப்புபவரின் வங்கி கழிக்கிறது. பிறகு பெறுபவரின் வங்கி வரவு வைக்கிறது. இரண்டாவது வங்கியிலிருந்து பதில் வரத் தாமதமானால், பணம் சேர்ந்ததா இல்லையா என்று செயலிக்கே தெரியாது. அதைத்தான் 'பெண்டிங்' என்கிறது. தோல்வி என்று அதற்குப் பொருள் இல்லை. அவசரப்பட்டு மறுபடி அனுப்பினால் இரண்டு தொகையும் போய்ச் சேரலாம். அப்புறம் ஒன்றை அக்காவிடம் திருப்பிக் கேட்க வேண்டியதுதான்.

அறைத்தோழி அவளைத் தடுத்தாள். பரிவர்த்தனை விவரத்தைத் திறந்து, அதிலிருந்த 12 இலக்க எண்ணை அக்காவுக்கு அனுப்பச் சொன்னாள். வங்கியில் தேடிக் கண்டுபிடிக்க உதவுவது அந்த எண்தான். கழிந்ததாக வந்த குறுஞ்செய்தியை மட்டும் காட்டினால், பணம் போய்ச் சேர்ந்ததற்கு அது சாட்சியாகாது.

இருபது நிமிடத்தில் பச்சை டிக் விழுந்தது. அக்காவும் "வந்துருச்சும்மா" என்றார்.

வராமலே போயிருந்தால்? ரிசர்வ் வங்கி 2019இல் இதற்குக் கெடு வைத்திருக்கிறது. தனிநபர் கணக்குக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால், மறுநாளுக்குள் தானாகத் திரும்பிவிட வேண்டும். கடைக்காரர் கணக்குக்கு அனுப்பியிருந்தால் ஐந்து நாள். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. திரும்பவில்லை என்றால் முதலில் செயலியிலேயே அந்தப் பரிவர்த்தனையின் கீழ் புகார் பதியுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் உங்கள் வங்கியிடம் போங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' நம்பரை மட்டும் அழைத்துவிடாதீர்கள். பணத்தைத் திரும்பப் பெற பின் நம்பர் தேவையே இல்லை. அதைக் கேட்பவர் திருடர்.