நிழலை வகுத்து நீக்குதல்

சென்ற ஆண்டு ஒரு நூல்நிலையத்தில், வெளியே கொடுக்கப்படாத பழைய நூல் ஒன்றைக் கண்டேன். எனக்கு வேண்டிய நாற்பது பக்கங்களை, சன்னலோரம் அமர்ந்து, கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். வீட்டில் அவற்றைப் பார்த்தபோதுதான் என் அவசரம் புரிந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் சன்னல் பக்கம் பளிச்சென்றிருந்தது. நூலின் தையலை ஒட்டிய பகுதியோ இருளில் ஆழ்ந்திருந்தது. நான் தேடிப்போன அடிக்குறிப்பு எண்கள் அந்த இருளிலேதான் இருந்தன. அவற்றை எப்படி மீட்டேன் என்பதையே இன்று சொல்லப்போகிறேன்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. முழுக் கறுப்பு 0. முழு வெள்ளை 255. என் படத்தில், வெளிச்சமான பக்கத்தில் தாளின் எண் 220, எழுத்தின் எண் 55. தையலோரத்தில் தாள் 48, எழுத்து 12. இவ்வெண்களைச் சற்று உற்று நோக்குங்கள். நிழலில் உள்ள வெறுந்தாள், வெளிச்சத்தில் உள்ள மையைவிடக் கறுப்பாயிருக்கிறது! ஆகவே, இதற்கு மேற்பட்டதெல்லாம் தாள், கீழ்ப்பட்டதெல்லாம் மை என்று ஒரே எல்லை வகுத்தால் தோல்வியே. எல்லையை 128-இல் வைத்தால் நிழற்பகுதி முழுவதும் கரியாகும். 40-இல் வைத்தால் வெளிச்சப் பகுதியின் எழுத்துக்களெல்லாம் மறைந்துபோகும்.

முதலில் நான் கழித்துப் பார்த்தேன். தாளுக்கும் மைக்கும் உள்ள வேறுபாடு வெளிச்சத்தில் 165. நிழலிலோ வெறும் 36. எனவே தையலோர எழுத்துக்கள் வெளிறி நின்றன. எட்டு என்ற இலக்கத்தை மூன்று என்று படித்து, ஓர் ஆண்டையே தவறாக எழுதிக்கொண்டேன்.

தவறு எங்கே? நிழல் என்பது படத்தின்மேல் கூட்டப்பட்ட ஒன்றன்று. ஓரிடத்தில் விழும் ஒளியை, அவ்விடம் எவ்வளவு திருப்பி அனுப்புகிறதோ அந்த அளவால் பெருக்கியதே நாம் காணும் எண். பெருக்கலால் வந்ததை வகுத்தலால்தானே நீக்க வேண்டும்? 55-ஐ 220-ஆல் வகுத்தால் கால். 12-ஐ 48-ஆல் வகுத்தாலும் அதே கால். விடையை 255-ஆல் பெருக்கினால், இரண்டிடத்திலும் எழுத்து 64, தாள் 255. நிழல் போயிற்று, மை நின்றது.

ஆனால் எழுத்து மூடியிருக்கும் இடத்தில் தாளின் எண் என்னவென்று எப்படி அறிவது? அக்கம்பக்கத்தைக் கேட்டு அறியலாம். ஒவ்வொரு புள்ளியையும் நடுவாக வைத்து, பக்கத்துக்கு 25 புள்ளியுள்ள ஒரு சதுரம் வரைந்து, அதனுள் மிகப் பெரிய எண்ணை அப்புள்ளிக்குக் கொடுக்க வேண்டும். என் படத்தில் எழுத்துக் கோட்டின் தடிப்பு ஏறக்குறைய 10 புள்ளி. ஆகையால் எந்தச் சதுரத்திலும் சிறிதளவேனும் வெறுந்தாள் அகப்படும். மை மறைந்து தாளே தெரியும். பிறகு அதைச் சற்று மழுப்பிவிட்டால், ஒளியும் நிழலும் மட்டுமுள்ள பின்னணிப் படம் கிடைக்கும். மூலப்படத்தைப் புள்ளிக்குப் புள்ளி இதனால் வகுக்க வேண்டியதுதான்.

சதுரத்தின் அளவிலேதான் சூட்சுமம் இருக்கிறது. 40 புள்ளி தடிப்புள்ள தலைப்பெழுத்தின் நடுவே 25 புள்ளிச் சதுரம் முழுவதும் மைக்குள் அடங்கிவிடும். அங்கே மையே தாளென்று கொள்ளப்பட்டு, எழுத்தின் உள்ளிடம் வெளுத்து, ஓரம் மட்டும் எஞ்சும். அதற்கு அஞ்சிச் சதுரத்தை 61 ஆக்கினால் வேறொரு தொல்லை. கூரிய விளிம்புள்ள நிழலில், வெளிச்சப் பக்கத்து எண் 30 புள்ளி தூரம் நிழலுக்குள் புகுந்துவிடும். அவ்விளிம்பை ஒட்டி ஒரு கரும்பட்டை தோன்றும். ஆதலால், எழுத்தின் தடிப்பைவிடப் பெரிதாகவும், தேவைக்கு மேல் பெரிதாகாமலும் சதுரத்தை அமைக்க வேண்டும். சரியா என்று அறிய ஒரு வழி உண்டு: பின்னணிப் படத்தையே பாருங்கள். அதில் எழுத்தின் சாயல் தெரிந்தால் சதுரம் சிறிது. நிழலின் விளிம்பு தன் இடத்திலிருந்து நகர்ந்திருந்தால் பெரிது. பக்கத்தில் கரிய சித்திரம் இருந்தால் அதுவும் தாளென்று எண்ணப்பட்டு வெளுத்துப்போகும். அதை விலக்கி வைத்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும்.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. படத்தில் இயல்பாகவே உள்ள 3 எண் அளவான நடுக்கம், 220 உள்ள இடத்தில் வகுத்தபின் ஏறக்குறைய 3 அல்லது 4 ஆகத்தான் நிற்கும். 48 உள்ள இடத்திலோ 16 ஆகப் பெருகும். அதனால் தையலோரம் மணல் தூவினாற்போல் தெரியும். தாளும் மையும் இரண்டுமே 0 ஆகிவிட்ட இடத்திலோ, வகுப்பதற்கு எதுவுமே இல்லை.

என் நாற்பது பக்கங்களில் முப்பத்தெட்டு தேறின. மூன்றென்று நான் படித்தது எட்டென்று தெளிவாயிற்று. எஞ்சிய இரண்டு பக்கங்களில் தையலோரம் முழு இருளாயிருந்தது. அவற்றுக்காக மீண்டும் நூல்நிலையம் சென்றேன்; இம்முறை சன்னலுக்கு நேராக நூலைத் திருப்பி வைத்துக்கொண்டு படமெடுத்தேன்.