கூரை பெயர்ந்தால் கடிதம் எழுதுங்கள்!

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை ஃபிளாட்டில், ஐப்பசி மழையில் படுக்கையறைக் கூரை 'தொப்'பென்று பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. நல்லவேளை, குழந்தை கூடத்தில் இருந்தாள்.

இது திடீரென்று நடப்பதில்லை, சகோதரிகளே. மொட்டைமாடியில் தேங்கும் தண்ணீர் கசிந்து உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு ஏற ஏறக் கம்பி பருத்து, அடியிலுள்ள காரையைத் தள்ளிவிடுகிறது. கூரையில் பழுப்புக் கறை, கம்பி ஓடும் வழியே நேர்க்கோடாக விரிசல், ஒட்டடைக்கம்பால் தட்டினால் பானையைத் தட்டுவதுபோல் ஓசை — இவை முன் அறிகுறிகள். அந்த இடத்துக்குக் கீழே தொட்டிலோ கட்டிலோ போடாதீர்கள்.

"ஃபோன்ல சொன்னாப் போதாதா?" என்றார் என் வீட்டுக்காரர். "சொன்னதுக்குச் சாட்சி வேணாமா?" என்றேன் நான். குப்பையை அள்ளுவதற்கு முன் படம் எடுத்தேன். பிறகு எழுதிய கடிதம் இதுதான்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். 3-ந் தேதி மாலை படுக்கையறைக் கூரை சுமார் 4 அடிக்கு 3 அடி பெயர்ந்து விழுந்தது. துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. மீதிக் காரையும் தொங்குவதால் அறையைப் பூட்டி வைத்திருக்கிறோம். ஒரு வாரத்துக்குள் கொத்தனாரை அனுப்பி, மாடிக் கசிவையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டுகிறேன். சேதமான பொருட்கள்: மெத்தை ரூ. 6,500, டேபிள் ஃபேன் ரூ. 1,800, பள்ளிப் புத்தகங்கள் ரூ. 1,200, ஆக ரூ. 9,500. படங்களும் ரசீது நகல்களும் இணைத்துள்ளேன்."

மெத்தைக்குக் கடை விலையைப் போடவில்லை. பழகியதற்குக் கழித்தே எழுதினேன். கூட்டிப் போட்டால் மற்றதையும் நம்பமாட்டார்கள். கடிதத்தை ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்தினேன்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டப்படி, கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது உரிமையாளர் பொறுப்பு. குடியிருப்பவர் செய்த சேதம் மட்டும் விலக்கு. அவர் மறுத்தால் நாமே சரிசெய்து வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கூடாது. வாடகை ரூ. 12,000, கொத்து வேலை ரூ. 18,000 என்றால், மாதம் ரூ. 6,000 வீதம் மூன்று மாதம். குடியிருக்கவே முடியாத நிலையில், எழுதிக் கேட்டும் மறுத்தால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். வாடகை அதிகாரியிடமும் போகலாம். இதற்கெல்லாம் எழுத்தில் போட்டுப் பதிவு செய்த ஒப்பந்தம் கையில் இருப்பது நல்லது.

மெத்தைக்கும் புத்தகத்துக்கும் இந்தக் கழிவு பொருந்தாது. அது தனி நஷ்டஈடு. வாடகையில் நாமாகப் பிடித்தால் பாக்கி வைத்தோம் என்று ஆகிவிடும். எங்கள் வீட்டுக்காரர் ஐயா பத்தாம் நாள் ஆள் அனுப்பினார். பொருட்களுக்குப் பேசி ரூ. 6,000 தந்தார். அதையும் எழுதி வாங்கிக்கொண்டோம்.

புதுக் காரை பூசுமுன் கம்பியின் துருவைச் சுரண்டினார்களா, மாடிக் கசிவை அடைத்தார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அதைச் செய்யாமல் பூசினால் அடுத்த மழைக்கே மறுபடி விழும்.