எட்டுக் கம்பிகளில் ஒன்று

மாணவர்களே, பெங்களூரில் இருபது பேர் பணிபுரியும் ஒரு சிறிய அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நொடிக்கு 300 மெகாபிட் வேகமுள்ள இணைய இணைப்புக்கு அவ்வலுவலகம் கட்டணம் செலுத்துகிறது. ஆயினும் எந்த மேசையில் அமர்ந்து சோதித்தாலும் வேகம் 94 மெகாபிட்டைத் தாண்டுவதில்லை. காலையிலும் 94; பெரும்பாலோர் வீடு திரும்பிய பின்னர் இரவிலும் 94. எல்லாரும் இணைய நிறுவனத்தாரைக் குறை கூறுகின்றனர்.

அந்த எண்ணே ஒரு துப்பு. நெரிசலால் குறையும் வேகம் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும். மாறாமல் நிற்கும் 94, வழியில் எங்கோ ஓர் இணைப்பு 100 மெகாபிட் வேகத்தில் இயங்குவதைக் காட்டுகிறது. மீதி ஆறு எங்கே போயிற்று? கடிதத்துக்கு உறையும் முகவரியும் வேண்டுமல்லவா? அவ்வாறே ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் முகவரி முதலிய குறிப்புகளைச் சுமந்து செல்கிறது. அச்சுமைக்கே ஆறு மெகாபிட் செலவாகிறது.

இணையம் வரும் ரௌட்டர் வரவேற்பறையில் இருக்கிறது. அங்குள்ள சுவர்ச் சாக்கெட்டில் தொடங்கும் கேபிள், சுவருக்குள்ளே சென்று பின்னறையிலுள்ள பேட்ச் பேனலில் முடிகிறது. அங்கிருந்து சுவிட்சுக்கும், சுவிட்சிலிருந்து இருபது மேசைகளுக்கும் இணைப்புகள் பிரிகின்றன. ஆகவே, அந்த ஒரு கேபிளில் ஏற்படும் குறை இருபது பேரையும் தாக்கும்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 மெகாபிட் வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு இணைகளே போதும். 1000 மெகாபிட்டுக்கு நீலம், பழுப்பு இணைகளும் வேண்டும். நீலக் கம்பி ஒன்று சாக்கெட்டில் சரியாக அழுத்தப்படாவிட்டால், இரு முனைக் கருவிகளும் 1000-இல் பேச முயன்று தோற்று, பெரும்பாலும் 100-க்கு இறங்கிவிடும். இணைப்பு அறுவதில்லை, விளக்கும் எரிகிறது. அதனால்தான் இக்குறை மாதக்கணக்கில் மறைந்து கிடக்கிறது. 50 மெகாபிட் இணைப்பு வாங்கியிருந்தால் யாரும் இதை அறிந்திருக்கவே மாட்டார்கள்!

கண்டுபிடிப்பது எப்படி? முதலில் மடிக்கணினியை ரௌட்டரிலேயே நேராக இணைத்துச் சோதிக்க வேண்டும். 290 வந்தால் இணைய நிறுவனத்தார் மீது குற்றமில்லை. மேசையில் இணைத்தால் கணினித் திரை `1000/1000 (Mbps)` என்று காட்டும்; அதில் ஏமாறக் கூடாது. அது மேசைக்கும் சுவிட்சுக்கும் இடைப்பட்ட வேகம் மட்டுமே. பின்னறைக்குச் சென்று, சுவிட்சுக்குப் போகும் கேபிளைக் கழற்றி மடிக்கணினியில் செருகினால் `100/100 (Mbps)` என்று தெரியும். வேறு நல்ல கேபிளால் பேட்ச் பேனலில் இணைத்தும் 100 என்றே காட்டினால், குறை சுவருக்குள் ஓடும் பகுதியில் இருக்கிறது. ரௌட்டருக்கும் சாக்கெட்டுக்கும் இடையிலுள்ள சிறு கேபிளையும் ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட வேண்டும்.

பின்னர் எட்டு விளக்குகள் உள்ள சோதனைக் கருவியை இரு முனைகளிலும் பொருத்தினால் விளக்குகள் வரிசையாக எரியும். நான்காவது மட்டும் எரியவில்லை. அதுவே நீலக் கம்பி. சாக்கெட்டைத் திறந்து அதற்குரிய அழுத்துகருவியால் அக்கம்பியை மீண்டும் பதித்ததும், மேசைகளில் 290 வந்தது.

எட்டு விளக்குகளும் எரிந்தும் வேகம் 100-இலேயே நின்றால், அடுத்து ஐயுற வேண்டியது சுவிட்சை. மலிவாகக் கிடைக்கும் சில சுவிட்சுகளின் அடியில் `10/100` என்று மட்டுமே அச்சிட்டிருக்கும்.