ஒரே உருவம், பல கைகள்

கையால் வரையும் அனிமேஷன் படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒரே ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். அவற்றைப் பலர் பகிர்ந்து வரைகிறார்கள். எல்லோருடைய கையிலும் பாத்திரம் மாறாமல் வருவதற்காகத் தயாரிக்கப்படுவதே டர்ன்அரவுண்ட் ஷீட். பாத்திரம் நின்ற இடத்திலேயே திரும்பினால் எப்படித் தெரியுமோ அப்படி முன்புறம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின் முக்கால், பின்புறம் என ஐந்து நிலைகளை அது ஒரே வரிசையில் காட்டுகிறது.

இந்தத் தாளில் அழகான தோரணைக்கு இடமில்லை. பாத்திரம் நேராக நிற்கும். இடுப்புக் கோடு மறையாதபடி கைகள் உடலைவிட்டுச் சற்றே விலகியிருக்கும். முகத்தில் எந்த உணர்ச்சியும் இராது.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை வடிவமைப்பதாகக் கொள்வோம். பின்னல் இடது தோளின் முன்னே தொங்குகிறது. வலது இடுப்பில் துணிப்பை. அவள் உயரம் ஐந்து தலை, அதாவது உச்சியிலிருந்து மோவாய் வரையிலான அளவைப் போல் ஐந்து மடங்கு. தாளில் தலைக்கு 4 செ.மீ. கொடுத்தால் முழு உயரம் 20 செ.மீ. உச்சி, கண், மோவாய், தோள், இடுப்பு, பாவாடை விளிம்பு, முழங்கால், தரை ஆகியவற்றுக்குத் தாளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிடைக்கோடுகள் இழுக்கப்படுகின்றன. ஐந்து உருவங்களும் இந்தக் கோடுகளில்தான் அமைய வேண்டும். முன்புறத்தில் கண் இருக்கும் உயரத்திலேயே பக்கவாட்டிலும் கண் இருக்கும்.

உயரத்தை இப்படிக் கோடுகள் கட்டிவிடுகின்றன. அகலம்தான் கைக்குக் கை மாறும். அது அதிகம் பிசகுவது முக்கால் பக்கத்தில். திரையில் பாத்திரங்கள் பெரும்பாலும் தெரிவதும் அந்தக் கோணத்தில்தான் என்பதால், தாளிலேயே அதிக உழைப்பைக் கோருவது இந்த உருவம் எனலாம். பலர் முன்புறத்துக்கும் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு அகலத்தை உத்தேசமாக எடுத்துக்கொள்கிறார்கள். சிறுமியின் உடல் முன்னிருந்து பார்க்கையில் 4 செ.மீ. அகலமும் பக்கவாட்டில் 2 செ.மீ. கனமும் கொண்டது என்றால், அந்தக் கணக்கில் 3 செ.மீ. வரும். நீள்வட்டக் குறுக்குவெட்டுள்ள உடல் 45 பாகை திரும்பும்போது உண்மையில் சுமார் 3.2 செ.மீ. தெரியும். உடல் பெட்டி வடிவமானால் 4.2 செ.மீ. ஆகி, முன்புறத்தையும் மிஞ்சிவிடும். எனவே வடிவமைப்பாளர் உடலை மேலிருந்து பார்க்கும் நீள்வட்டத்தை முதலில் வரைந்து, அதை 45 பாகை திருப்பி, அதன் இரு ஓரங்களிலிருந்தும் செங்குத்துக் கோடுகளை இறக்குகிறார். தலைக்கும் பாவாடைக்கும் இதே வழிதான். முகத்தில், அப்பால் இருக்கும் கண் எவ்வளவு குறுகும், மூக்கு நுனி அப்பாலுள்ள கன்னத்தின் கோட்டைத் தாண்டுமா என்பவற்றையும் இந்த உருவமே தீர்மானித்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த சிக்கல் இடமும் வலமும். முன்புற ஓவியத்தில் பின்னல் தாளின் வலப்பக்கம் வரும். பின்புற ஓவியத்தில் இடப்பக்கத் தோளுக்குப் போக வேண்டும். முன்புறத்தைப் பிரதியெடுத்துப் பின்புறமாக மாற்றுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். அவள் தாளின் இடப்பக்கம் பார்த்து நிற்கும்போது பின்னல் தெரியும், பை மறைந்துவிடும். ஆகவே இருபக்கமும் ஒத்திராத பாத்திரத்துக்கு இரண்டு பக்கவாட்டு உருவங்களும் தேவை. “பின்னல் அவளது இடது தோளில்” என்று எழுத்தில் குறிப்பதும் நல்லது.

சில உருவங்கள் வடிவியலுக்கு அடங்குவதில்லை. மிக்கி மவுஸின் காதுகள் தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் வட்டமாகவே தெரிய வேண்டும் என்பது டிஸ்னியின் வழக்கமான முறை. நிஜத்தில் தட்டையான காது பக்கவாட்டில் மெலிந்து போகும். இத்தகைய விதிவிலக்கு ஒவ்வொன்றும் தாளில் வரையப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஓவியர் தர்க்கப்படி வரைந்து, பாத்திரத்தையே மாற்றிவிடுவார். அதே நிறுவனம் 1930களின் இறுதியில் ஜோ கிராண்ட் தலைமையில் மாதிரி வடிவங்களுக்கென ஒரு பிரிவை நடத்தியது. தாள்களோடு, எந்தக் கோணத்திலும் திருப்பிப் பார்க்க வசதியாகச் சிறு சிலைகளும் அங்கே செய்யப்பட்டன. ஐந்து நிலைகளுக்கு இடைப்பட்ட கோணங்களிலும் மேலிருந்தும் கீழிருந்தும் பார்க்கும் தோற்றங்களிலும் தாள் மௌனமாகிவிடுவதால் சிலை உதவியது.

தாளை வெளியிடுமுன் இரண்டு சோதனைகள் உண்டு. ஐந்து உருவங்களையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்த சட்டங்களாக ஓட்டிப் பார்த்தால் பாத்திரம் சீராகத் திரும்ப வேண்டும். கண் ஏறி இறங்கினாலோ உடல் திடீரெனப் பருத்தாலோ, பிழை எந்த உருவத்தில் என்பது உடனே தெரிந்துவிடும். பிறகு, அந்தப் பாத்திரத்தை அதுவரை வரையாத இருவரிடம் தாளை மட்டும் கொடுத்து, முக்கால் பக்கத்தில் ஒரு அமர்ந்த நிலையை வரையச் சொல்லலாம். இரு ஓவியங்களையும் லைட் பாக்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், கோடுகள் பிரியும் இடம் தாள் எதையோ சொல்லாமல் விட்ட இடம். அங்கே ஒரு அளவோ குறிப்போ சேர்த்து, புதிய தேதியிட்டு, பழைய பிரதிகளை எல்லோரிடமிருந்தும் திரும்பப் பெற வேண்டும்.