நூறுக்குத் திரும்பும் பத்திரம்

அடுத்த பத்து வருடங்களில் எவ்வளவு வட்டி வரும் என்றே தெரியாத ஒரு பத்திரத்துக்கு இன்று என்ன விலை கொடுக்கலாம்? மாறும் வட்டிப் பத்திரம், அதாவது ஃப்ளோட்டிங் ரேட் பாண்ட் வாங்குகிறவர் முன் நிற்கும் கேள்வி இது. கேட்டவுடன் மலைப்பாக இருக்கும். ஆனால், நிலையான வட்டிப் பத்திரத்தை விட இதற்கு விலை போடுவது சுலபம்.

நம் மத்திய அரசே இப்படிப்பட்ட பத்திரங்களை வெளியிட்டிருக்கிறது. 2033, 2034-ல் முதிர்வடையும் பத்திரங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி திருத்தப்படுகிறது. 182 நாள் டிரஷரி பில்லின் கடைசி மூன்று ஏலங்களில் கிடைத்த வட்டியின் சராசரியை எடுத்து, அதன் மேல் ஒரு கூடுதல் சதவிகிதத்தைச் சேர்க்கிறார்கள். இந்தக் கூடுதலுக்கு ஸ்பிரெட் என்று பெயர். பத்திரம் முதலில் ஏலம் போகும்போது முடிவாகும் ஸ்பிரெட், முதிர்வு வரை மாறாது. வட்டி திருத்தப்படும் நாள் ரீசெட் நாள்.

ஸ்பிரெட்டைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, 100 ரூபாய் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். முதிர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது கடைசி ரீசெட் வருகிறது. அன்று சந்தை வட்டி ஆண்டுக்கு 6% என்றால், ஆறு மாதம் கழித்துக் கையில் வருவது 103 ரூபாய். அதே 6 சதவிகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 103-ஐ 1.03-ஆல் வகுக்க வேண்டும், விடை 100. வட்டி 9% ஆக இருந்தாலும் 104.50-ஐ 1.045-ஆல் வகுப்போம், அதுவும் 100தான். ஆக, கடைசி ரீசெட் நாளில் விலை 100 என்பது உறுதி. அதற்கு முந்தைய ரீசெட் நாளில் நின்று பார்த்தால், ஆறு மாதத்தில் வரப்போவது ஒரு வட்டியும் 100 ரூபாய் மதிப்புள்ள பத்திரமும். அங்கேயும் அதே வகுத்தல், அதே 100. இப்படிப் படிப்படியாகப் பின்னோக்கி வந்தால், முதிர்வுக்குப் பத்து வருடம் இருந்தாலும் ரீசெட் நாளன்று விலை 100. வருங்கால வட்டியை யாரும் கணிக்கத் தேவையில்லை.

இரண்டு ரீசெட்டுகளுக்கு நடுவே விற்றால்? இங்கேதான் விலை கொஞ்சம் ஆடும். வட்டியை 6% என்று நிர்ணயித்து மூன்று மாதம் ஆகிறது. அதற்குள் சந்தை வட்டி 7% ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வட்டியான 3 ரூபாய் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, இனி மாறாது. அடுத்த ரீசெட் நாளில் பத்திரத்தின் விலை 100 என்பதும் தெரியும். ஆகவே, இப்போது இது மூன்று மாதத்தில் 103 ரூபாய் தரும் ஒரு காகிதம், அவ்வளவே. மூன்று மாதத்துக்கு 7% என்பது 1.75%. 103-ஐ 1.0175-ஆல் வகுத்தால் 101.23 வருகிறது.

விலை ஏறிவிட்டதே என்று நினைக்கக் கூடாது. இந்தத் தொகையில், விற்பவர் வைத்திருந்த மூன்று மாதத்துக்கான வட்டி 1.50 ரூபாயும் அடங்கியிருக்கிறது. அதைக் கழித்தால் 99.73, சந்தையில் சொல்லப்படும் விலை இதுதான். வட்டி ஒரு சதவிகிதம் ஏறியும் நஷ்டம் சுமார் கால் ரூபாய். நிலையாக 6% தரும் பத்து வருடப் பத்திரமாக இருந்தால், சந்தை வட்டி 7% ஆனதும் விலை 92.89-க்கு இறங்கியிருக்கும். மாறும் வட்டிப் பத்திரம் எத்தனை வருடப் பத்திரமாக இருந்தாலும், வட்டி மாற்றத்தைப் பொறுத்தவரை அது அடுத்த ரீசெட் வரைக்குமான குறுகிய காலப் பத்திரம்தான்.

இனி ஸ்பிரெட்டுக்கு வருவோம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரு நிறுவனம் அடிப்படை வட்டிக்கு மேல் 0.5% தருவதாகப் பத்திரம் வெளியிட்டது. பிறகு அதன் கடன் தரம் குறைந்து, சந்தை 1% கேட்கிறது. அடிப்படை வட்டி 6% என்றால் பத்திரம் தருவது 6.5%, முதலீட்டாளர் எதிர்பார்ப்பது 7%. ஆறு மாதத்துக்கு ஒருமுறை 25 காசு குறைகிறது. முதிர்வுக்கு ஐந்து வருடம் இருந்தால் பத்து முறை குறையும். அந்தக் குறைகளை 7 சதவிகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் ஏறக்குறைய 2.08 ரூபாய். ஆக, ரீசெட் நாளன்றே விலை 97.92தான். ரீசெட் திருத்துவது அடிப்படை வட்டியை மட்டுமே. ஸ்பிரெட் அப்படியே நிற்பதால் இந்தப் பள்ளம் அடுத்த ரீசெட்டில் மூடாது. முதிர்வு நெருங்க நெருங்க மெல்லத்தான் குறையும். இத்தகைய பத்திரத்துக்கு நடுநாளில் விலை போடும்போதும், அடுத்த ரீசெட்டில் 100 கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பாகும்.

அரசுப் பத்திரத்தில் கடன் பயம் இல்லை. ஆனாலும் ஏலத்துக்குப் பிறகு சந்தை அதிக ஸ்பிரெட் கேட்டால் விலை 100-க்குக் கீழே போகும். குறைவாகக் கேட்டால் மேலே போகும். அடிப்படை வட்டி கடந்த மூன்று ஏலங்களின் சராசரி என்பதால், அது அன்றைய சந்தை வட்டியிலிருந்து சற்றுப் பின்தங்கியும் இருக்கலாம். ஆகவே வாங்கும் முன், ரீசெட் நாளை ஒட்டிய விலையைப் பாருங்கள். அன்று அது 100-லிருந்து கணிசமாக விலகியிருந்தால், காரணம் பெரும்பாலும் ஸ்பிரெட்தான். அடுத்த ரீசெட் வரை காத்திருந்தால் சரியாகிவிடும் என்று எண்ணி அதை வாங்க வேண்டாம்.